நாற்றங்கால் பாத்தியில் சூரிய வெப்பமூட்டல் பலிக்காதபோது: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழி

கோடையில் நாற்றங்கால் பாத்தியை நன்றாக நனைத்து, அதன்மேல் நிறமற்ற தெளிந்த பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணிட்டு மூடி, நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விட்டுவைத்தால், மேல்மண்ணில் உள்ள களை விதைகளும் நாற்றழுகலை உண்டாக்கும் பூசணங்களும் பெருமளவு மடிந்துவிடும். யோர்தான் பள்ளத்தாக்கின் வெயிலைக் கொண்டு இஸ்ரேலைச் சேர்ந்த யாக்கோவ் கட்டான் குழுவினர் 1976-ல் அறிவியல் உலகுக்கு எடுத்துரைத்த இந்த முறை, நம்முடைய சித்திரை, வைகாசி வெயிலுக்கும் நன்றாகவே பொருந்துகிறது. ஆனாலும் தாள் விரித்துப் பார்த்தவர்களில் பலர், ஆடிப்பட்டத்துக்கு விட்ட மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகள் சாய்ந்துபோயின என்றும், கோரை முன்பைவிட அதிகமாக முளைத்தது என்றும் குறைப்படுகிறார்கள்.

இத்தகைய குறைகளைக் கேட்கும்போது நான் முதலில் கேட்பது, கோளாறு பாத்தியின் எந்த இடத்தில் தெரிகிறது என்பதைத்தான். ஓரங்களில் மட்டும் தெரிந்தால் வெப்பம் அங்கே போதவில்லை என்று பொருள். பாத்தி முழுவதும் ஒரே சீராகத் தெரிந்தால் ஈரத்திலோ தாளிலோ காலத்திலோ பிழை இருக்கிறது, அல்லது பிறகு மண்ணைக் கிளறியிருக்கிறார்கள். நீர் நுழையும் பக்கத்தில் தொடங்கி உள்ளே பரவினால் வெப்பமூட்டல் பலித்திருக்கிறது, அதற்குப் பின்னர் நோய் வெளியிலிருந்து வந்திருக்கிறது. கீழே உள்ள அறிகுறிகளை இந்த எண்ணத்தோடு படிப்பது நல்லது.

தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் இல்லை

தாள் விரித்த மறுநாள் காலையிலேயே அதன் உட்புறம் முழுவதும் சிறு துளிகள் கோத்து நிற்க வேண்டும். இத்துளிகள் மண்ணிலிருந்து மேலெழும் வெப்பம் தாளைத் தாண்டி வெளியேறிவிடாமல் தடுப்பதில் பெரும்பங்கு வகிக்கின்றன. முதல் வாரத்திலேயே துளிகள் மறைந்து தாள் வறண்டு தெரிந்தால், மண்ணில் ஈரம் போதவில்லை, அல்லது ஓரத்தில் எங்கோ திறப்பு இருந்து ஆவி வெளியேறுகிறது.

ஈரத்தின் வேலை இரண்டு. ஈர மண் வெப்பத்தைக் கீழே கடத்துகிறது. புழுதி மண்ணில் மேற்பரப்பு கொதித்தாலும் ஒரு சாண் கீழே சூடு இறங்காது. அடுத்தது, உயிரைக் கொல்வது ஈரமான வெப்பமே. காய்ந்த பயறைச் சட்டியில் லேசாகச் சூடுகாட்டினால் அது பிறகும் முளைக்கும். ஊறிய பயறு அதே சூட்டில் செத்துவிடும். களை விதைகளும் பூசண வித்துகளும் அப்படித்தான். அவை ஈரம் குடித்து விழித்த நிலையில் இருந்தால்தான் வெப்பத்துக்குப் பலியாகும்.

தாளின் ஓரத்தை ஓரிடத்தில் உயர்த்தி, ஒரு சாண் ஆழத்திலிருந்து கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். உருண்டை உடையாமல் நின்று, உள்ளங்கையில் ஈரம் ஒட்டினால் போதுமானது. விரல்களுக்கிடையே நீர் வழிந்தால் அது மிகை. பிடியைத் தளர்த்தியதும் உதிர்ந்தால் தாளை எடுத்து மீண்டும் பாய்ச்சியே ஆக வேண்டும். மணற்பாங்கான மண்ணில் ஆறு வாரத்துக்கு முதல் ஈரம் தாங்காது என்பதால், விரிக்கும்போதே தாளுக்கு அடியில் ஒரு சொட்டுநீர்க் குழாயைப் போட்டுவைத்தால், தாளைப் பிரிக்காமலே இடையில் ஒருமுறை நீர் விட்டுக்கொள்ளலாம். களிமண்ணுக்கும் செம்மண்ணுக்கும் பெரும்பாலும் இது தேவைப்படாது.

தாள் உப்பி நிற்கிறது. அடியில் களை பச்சைப்பசேலென்று வளர்கிறது

தாளுக்கும் மண்ணுக்கும் இடையே காற்று தங்கினால் அது வெப்பம் மண்ணுக்குள் இறங்காதபடி தடுத்துவிடும். இதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டி உடைக்காத பாத்திதான். ஒரு நெல்லிக்காய் அளவுக் கட்டி நின்றாலும் தாள் அதன்மேல் கூடாரம்போல் தூக்கிக்கொள்ளும். பழைய பயிரின் வேர்க்கட்டையும் குச்சியும் அதைக் கிழித்துவிடும். ஆகவே மண்ணைப் பொடியாக்கி, பாத்தியின் மேற்பரப்பை மட்டப்பலகையால் இழுத்துச் சமன்செய்து, விளிம்புகளைச் சற்று உருட்டிவிட்டு, பிறகு தாளை இருபுறமும் இழுத்துப் பிடித்தபடி ஓரங்களைப் புதைக்க வேண்டும். காலையில் தாள் குளிர்ந்து சுருங்கியிருக்கும்போது விரித்தால் நண்பகலில் தொய்வு விழுந்து காற்றில் படபடக்கும் என்பதால், வெயில் ஏறிய பிறகு விரிப்பதே எனக்குப் பிடித்த வழக்கம்.

மண் போதிய அளவு சூடேறாததற்கு இன்னொரு காரணம், தாளே தவறாக இருப்பது. காய்கறித் தோட்டத்தில் மிஞ்சிய கறுப்புத் தாளையோ, ஒருபுறம் வெள்ளி, மறுபுறம் கறுப்பாக உள்ள மூடாக்குத் தாளையோ எடுத்து விரித்துவிட்டு, வெப்பமூட்டல் செய்துவிட்டதாகக் கருதுவோர் உண்டு. கறுப்புத் தாள் வெயிலைத் தானே வாங்கிக்கொண்டு சூடாகிறது. அந்தச் சூட்டில் பெரும்பகுதி காற்றுக்குப் போய்விடுகிறது, மண்ணுக்கு வருவது குறைவு. வெயில் ஊடுருவி மண்ணையே நேரடியாகத் தொட வேண்டுமானால் தாள் தெளிந்ததாக இருக்க வேண்டும். தடிமனைப் பொறுத்தவரை 25 மைக்ரான், அதாவது கடைகளில் 100 கேஜ் என்று கேட்டு வாங்கும் தாள், நன்றாக வெப்பம் ஏற்றும்; ஆனால் காற்றுக்கும் நாய்களின் காலுக்கும் அது தாங்குவதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் கோவை, உடுமலை, பல்லடம் பகுதிகளில் 50 மைக்ரான் தாளை வாங்கி, வெப்பத்தில் ஏற்படும் சிறு இழப்பைப் பொறுத்துக்கொள்வதுதான் அறிவு. அங்கே வைகாசிக் கடைசியில் காற்று பிடித்துக்கொள்ளும் என்பதால், சித்திரைத் தொடக்கத்திலேயே தாளை விரித்துவிட வேண்டும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி தயாரிக்கப்படாத தாள் இடையிலேயே நைந்து பொடியத் தொடங்கும். சிறு கிழிசல்களைத் தெளிந்த ஒட்டும் டேப்பால் அன்றன்றே அடைத்துவிடுங்கள்.

கோடைமழை பெய்து தாளின்மேல் குட்டையாக நீர் தேங்கினால் அதைத் துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும். புழுதி படிந்திருந்தால் ஈரத்துணியால் மெல்லத் துடைத்தாலே போதும்.

வெப்பமானியில் சூடு ஏறவில்லை

உலோகக் கம்பியுள்ள மண் வெப்பமானி ஒன்று கையில் இருந்தால் ஊகத்துக்கு இடமில்லை. தாளில் சிறு கீறலிட்டுச் செருகிப் பார்த்துவிட்டு, கீறலை டேப்பால் ஒட்டிவிடலாம். நல்ல வெயில் நாளில் 5 செ.மீ. ஆழத்தில் 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரையும், 15 செ.மீ. ஆழத்தில் 40 டிகிரியை ஒட்டியும் காட்டினால் பாத்தி சரியாகச் சூடேறுகிறது. தாளிடாத பக்கத்து மண்ணிலும் ஒருமுறை பார்த்து ஒப்பிடுங்கள். 10 டிகிரி அளவுக்கு வேறுபாடு இருக்க வேண்டும்.

பார்க்கும் நேரத்தில்தான் பலருக்குப் பிழை நேர்கிறது. 5 செ.மீ. ஆழத்தில் சூடு பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு உச்சத்தைத் தொடும். 15 செ.மீ. ஆழத்துக்கு அது இறங்கிச் சேர மாலையாகிவிடும். நண்பகலில் ஆழத்தில் செருகிப் பார்த்து, சூடே இல்லை என்று முடிவுகட்டி, தாளைச் சுருட்டிவிடுவோரைப் பார்த்திருக்கிறேன்.

எண் உண்மையிலேயே குறைவாக இருந்தால் நிழலைத் தேடுங்கள். மாலை 3 மணிக்கு மேல் தென்னையின் நிழல் விழும் பாத்தி காலையில் எவ்வளவு காய்ந்தாலும் ஆழத்தில் சூடேறாது. மேகமூட்டமான நாள்களும் இதே வகையில் கணக்கிலிருந்து கழிந்துவிடும். வெப்பத்தின் கேடு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போவது. பல பூசணங்கள் 37 டிகிரியில் மடிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், ஆனால் 47 டிகிரியில் ஒன்று முதல் ஆறு மணி நேரத்திலேயே மடிந்துவிடும். ஆகையால் ஒரு வாரம் மழையும் மேகமுமாகப் போனால் அந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல், தாளை அத்தனை நாள் கூடுதலாக விட்டுவைப்பதே முறை.

களை பாத்தியின் ஓரங்களில் மட்டும் முளைக்கிறது

நாற்றங்காலைப் பொறுத்தவரை இதுவே மிகுதியாகக் காணப்படும் கோளாறு. அகன்ற வயலில் இது பொருட்படுத்தத் தக்கதல்ல, சிறு பாத்தியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தாளின் ஓரத்தை ஒட்டிய மண் பக்கத்துக் குளிர்ந்த மண்ணுக்குச் சூட்டை இழந்துகொண்டே இருக்கிறது. ஓரத்திலிருந்து ஓர் அடி உள்ளே வரை முழு வெப்பம் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது பாதுகாப்பானது.

வழக்கமான நாற்றங்கால் பாத்தி 1 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ளது என்று கொள்வோம். தாளைப் பாத்தியின் விளிம்பிலேயே புதைத்துவிட்டால், நாற்புறமும் 30 செ.மீ. கழிந்து, நடுவில் 40 செ.மீ. அகலமும் 2.4 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பட்டைதான் முழுமையாகச் சூடேறும். அதாவது 3 சதுர மீட்டர் பாத்தியில் 1 சதுர மீட்டருக்கும் குறைவு. பாத்தியின் மூன்றில் இரண்டு பங்கில் அரைகுறையாகவே வேலை நடந்திருக்கும்போது, ஓரங்களில் பச்சை வளையமாகக் களை எழுவதில் வியப்பில்லை.

இதைத் தவிர்க்கத் தாள் பாத்தியைத் தாண்டி வாய்க்கால் பக்கம் வரை போக வேண்டும். பாத்தி அகலம் 1 மீட்டர், இருபுறச் சரிவுக்கு 15 செ.மீ. வீதம் 30 செ.மீ., வெளியே இருபுறமும் 30 செ.மீ. வீதம் 60 செ.மீ., புதைப்பதற்கு இருபுறமும் 25 செ.மீ. வீதம் 50 செ.மீ. என்று கூட்டினால் 2.4 மீட்டர் வருகிறது. நீளவாக்கில் இதே கணக்கில் 4.4 மீட்டர் தேவை. தாள் வாங்கும்போது பாத்தியின் அளவைச் சொல்லாமல் இந்த அளவைச் சொல்லி வாங்க வேண்டும். பாத்திகளை வடக்குத் தெற்காக அமைத்தால் இரு சரிவுகளுக்கும் காலை வெயிலும் மாலை வெயிலும் ஏறக்குறையச் சமமாகக் கிடைக்கும். கிழக்கு மேற்காக அமைந்த பாத்தியில் ஒரு சரிவு மற்றதைவிடக் குளிர்ந்தே இருக்க நேரலாம்.

களை பாத்தி முழுவதும் முளைக்கிறது

முதலில் எந்தக் களை என்று பாருங்கள். கோரையும் அருகும் மட்டும் முளைத்திருந்தால் முறை தவறவில்லை. கோரைக்கிழங்கு ஆழத்தில் இருக்கிறது. வெப்பம் எட்டாத இடத்திலிருந்து அது மீண்டும் எழும். தெளிந்த தாளுக்கு அடியில் முளைக்கும் கோரை, ஒளி கண்டவுடன் இலையை விரித்து, தாளில் முட்டி வெந்துபோவதும் உண்டு. கறுப்புத் தாளில் அதே முளை ஊசிபோல் கூராகவே நின்று குத்தி வெளியேறிவிடும். ஆயினும் எஞ்சிய கிழங்குகளை விதைப்புக்கு முன்னர் கையால் பறித்தெடுப்பதற்கு மாற்று வழி இல்லை. விதை மூலம் பரவும் களைகளில் தரைப்பசலை சற்று வெப்பம் தாங்கக்கூடியது. அது அங்கங்கே தலைகாட்டலாம்.

எல்லா வகைக் களைகளும் கலந்து முளைத்திருந்தால், தாளை எடுத்த பிறகு என்ன செய்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தாளை எடுத்தவுடன் மண்வெட்டியால் பாத்தியைக் கொத்திப் புரட்டுவது நம் கைப்பழக்கம். அதனால் வெப்பம் படாத அடிமண் மேலே வந்து, அதிலுள்ள விதைகள் முளைக்கின்றன. பாத்தியை முன்னரே முடிவான வடிவில் அமைத்து, மட்கிய எருவையும் அப்போதே கலந்து, தாள் எடுத்த பிறகு 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் கிளறாமல் விதை வரிசைக்குக் கோடு மட்டும் கீறி விதைப்பதே சரி.

நாற்றுகள் சாய்கின்றன

தண்டின் அடிப்பகுதி நீர்கோத்து, நூல்போல் மெலிந்து, நாற்று பச்சையாக இருக்கும்போதே சாய்ந்தால் அது பித்தியம் போன்ற பூசணத்தால் வரும் நாற்றழுகல். வெப்பமூட்டிய பாத்தியில் இது வந்தால் பார்ப்பவருக்கு மனம் கசக்கத்தான் செய்யும். ஆனால் இந்த நோயைப் பொறுத்தவரை மண்ணில் மிஞ்சியதைவிட, பின்னர் நாமே கொண்டுவந்து சேர்த்ததால் வருவதே அதிகம் என்பது என் கருத்து. வெப்பமூட்டிய மண்ணில் போட்டிக்கு நிற்கும் உயிர்கள் சிலகாலம் குறைந்திருப்பதால், வெளியிலிருந்து வரும் சிறிதளவு நோயும் அங்கே விரைந்து பரவ இடமுண்டு.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு மிளகாய் நாற்றங்காலைப் பார்க்க நேர்ந்தது. பக்கத்துப் பக்கத்தில் நான்கு பாத்திகள். நான்கும் ஒரே தாளால், ஒரே காலத்தில் மூடப்பட்டவை. களை எதிலும் இல்லை என்பதால் வெப்பம் ஏறியது உறுதி. ஆனால் ஒவ்வொரு பாத்தியிலும் கிழக்கு முனையில் நாற்றுகள் பாய்போல் படுத்திருந்தன; மேற்கே போகப் போகச் சாய்ந்தவை குறைந்து, கடைசி முழத்தில் ஒன்றுகூட இல்லை. கிழக்கு முனையில்தான் வாய்மடை திறந்திருந்தது. நீர் பண்ணைக்குட்டையிலிருந்து திறந்த வாய்க்கால் வழியாக, சென்ற ஆண்டுத் தக்காளிச் சருகுகள் கிடந்த வரப்பை ஒட்டி வந்துகொண்டிருந்தது. பித்தியத்தின் நீந்தும் வித்துகளுக்கு இதைவிட வசதியான வழி கிடையாது. வாய்க்கால் பாசனத்தை நிறுத்தி, கிணற்று நீரைப் பூவாளியால் காலையில் ஒருமுறை மட்டும் ஊற்றச் செய்து, சாய்ந்த நாற்றுகளைச் சுற்றியிருந்த மண்ணோடு அகற்றிய பிறகு, நோய் மேற்கே நகரவில்லை. மேற்குப் பாதியில் இருந்த நாற்றுகள் நடவுக்குத் தேறின.

இதே முறையில் மற்ற வடிவங்களையும் படிக்கலாம். நடைபாதை ஓரமாக நீண்ட கோடாகச் சாய்ந்திருந்தால், பழைய நாற்றங்காலில் நின்ற காலோ களைக்கொத்தோ நோயைச் சுமந்து வந்திருக்கலாம். நடுவில் வட்டத் திட்டுகளாக இருந்தால், தாள் எடுத்த பிறகு தூவிய எருவின் மீது முதல் சந்தேகம் வர வேண்டும். வரிசை எதுவானாலும் சீரற்றுத் தனித்தனி நாற்றுகளாகச் செத்திருந்தால் விதையைப் பாருங்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பது இதற்கான வழக்கமான காப்பு. டிரைக்கோடெர்மாவை மண்ணில் இடுவதானால், தாள் எடுத்து மண் ஆறிய பின்னரே எருவில் கலந்து இட வேண்டும். அதைத் தாளுக்கு அடியில் இட்டு வெயிலில் வேகவிடுவதில் பொருளில்லை.

பாத்தி முழுவதும் சமமாகச் சாய்ந்தால் மட்டுமே, வெப்பம் போதவில்லை என்ற முடிவுக்கு வரலாம். அப்போதும் அடர்த்தியாக விதைத்ததும் மாலை நேரத்தில் மிகையாக நீர் ஊற்றியதும் அதே தோற்றத்தைத் தரும் என்பதை மறக்க வேண்டாம்.

முளைப்பு குறைவு, இலை விளிம்பு கருகுகிறது

நாற்று வழக்கத்தைவிடக் கரும்பச்சையாகவும் வேகமாகவும் வளர்ந்தால் அது கோளாறு அன்று. வெப்பத்தில் மண்ணின் கரிமப்பொருள் சிதைந்து தழைச்சத்து விடுபட்டிருக்கிறது, மேலுரத்தைக் குறைத்துக்கொண்டால் போதும். ஆனால் முளைப்பே குறைந்து, முளைத்தவையும் இலை விளிம்பு கருகி, வேர்முனை பழுப்பாகி நின்றால், மட்காத சாணத்தையோ கோழி எருவையோ மிகுதியாக இட்டு மூடியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் வெப்பத்தில் குறைந்துவிடுவதால், எருவிலிருந்து வரும் அம்மோனியா வேரைச் சுடும் அளவுக்குத் தேங்குகிறது. தாளைத் தூக்கும்போதே மூக்கில் நெடி ஏறினால் அன்றைக்கு விதைக்கக் கூடாது. நன்றாக ஒருமுறை நீர் பாய்ச்சி வடியவிட்டு, ஓரிரு வாரம் திறந்து வைத்து, பிறகு ஒரு தொட்டியில் அந்த மண்ணை நிரப்பிச் சில முள்ளங்கி விதைகளை ஊன்றிப் பாருங்கள். அவை நான்கைந்து நாளில் நல்ல வெள்ளை வேரோடு எழுந்தால் மிளகாயையும் விதைக்கலாம்.

பிடுங்கும்போது வேரில் முடிச்சுகள்

வேர்முடிச்சு நூற்புழு வெப்பமூட்டலால் மேல்மண்ணில் குறையுமே தவிர ஒழியாது. ஆழத்தில் எஞ்சியவை பயிரின் வேரைத் தேடி மீண்டும் மேலே வரும். நாற்றங்காலில் நாற்று நிற்பது நான்கைந்து வாரமே என்பதால், அது வரைக்கும் இந்தக் குறைப்பு பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். அப்படியும் முடிச்சுகள் தெரிந்தால், அந்தப் பாத்தியின் நாற்று ஒன்றையும் வயலுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். அடுத்த நாற்றங்காலுக்கு இடத்தை மாற்றிவிட்டு, இந்தப் பாத்தியில் செண்டுமல்லி போட்டு வையுங்கள்.